தினமும் போடுகிற தாலிச் செயின்: கனமும் கூடாது, அறுந்துபோகவும் கூடாது

கோமதி, பேட்டை

என்னுடையது 20 கிராம், 30 அங்குல நீளம், முறுக்கு டிசைன். நடுவில் மாங்கல்யம், இரண்டு பக்கமும் குண்டு. முகப்பு இல்லை. ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்கு வந்தால் ஒன்றரை வயசுப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்க மாட்டான். போன வாரம் தலை துவட்டும்போது துண்டில் மாட்டிச் செயின் அறுந்துவிட்டது. மாங்கல்யம் ரவிக்கைக்குள்ளேயே விழுந்ததால் நல்லதாகப் போயிற்று.

கடையில் கேட்டால், “நாலு பவுனுக்குப் போங்கம்மா, இல்லேன்னா அறுந்துதான் போகும்” என்கிறார்கள். இன்றைய விலையில் இன்னும் ஒன்றரைப் பவுன் சேர்ப்பது லேசான காரியமா? அதோடு, உள்ளே போட்டிருக்கிற சின்னச் செயினோடு இது தினமும் பின்னிக்கொள்கிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

விஜி, சங்கரன்கோவில்

22 காரட் மெதுவான தங்கம், அறுந்துதான் போகும். என் தங்கை 18 காரட்டில் வாங்கினாள், கல்லு மாதிரி இருக்கிறது. பார்க்க மொத்தமாக இருக்கிற செயினாக எடுங்கள், அது தாங்கும்.

முக்கூடல் லட்சுமி

நான் பீடி சுற்றுகிறவள். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பேன், செயின் மடியில் கிடக்கிற தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். இலைத்தூள் கண்ணிக்குள் போய், வேர்வையும் மஞ்சளும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீயக்காய் போட்டு, பழைய மெதுவான பிரஷால் தேய்ப்பேன். என் ஆச்சி காலத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான், அறுந்தால் புதுக் கயிறு. நீங்களும் கயிற்றிலேயே போட்டுக்கொண்டால் என்ன மதினி?

கோமதி, பேட்டை

கயிறு எனக்குக் கழுத்தில் அரிக்கிறது மைனி, அதனால்தான் செயின்.

டவுன் ஆசாரி

நகை வேலைதான் எனக்குத் தொழில். ஒன்று சொல்லுங்க தாயி, செயின் எந்த இடத்தில் அறுந்தது? நடுவிலா, கொக்கிக்குப் பக்கத்திலா?

கோமதி, பேட்டை

கொக்கி கோத்திருக்கிற வளையத்தில், அண்ணாச்சி. வளையம் வாய் பிளந்து கிடக்கிறது. செயினில் வேறெங்கும் ஒன்றுமில்லை.

டவுன் ஆசாரி

அப்படியென்றால் செயின் அறுந்துபோகவில்லை, வளையம்தான் விட்டிருக்கிறது. என்னிடம் வருகிற தாலிச் செயினில் பெரும்பாலும் இதே கதைதான். மொத்தத் தங்கமும் செயினில் ஓடுகிறது, கடைசி வளையத்தை மட்டும் மெல்லிய கம்பியில் போட்டுவிடுகிறார்கள். கொக்கி நாள் முழுக்க அதன் உள்பக்கத்தை அராவிக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்விளிம்பு முடி கனத்துக்கு வந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாய்ப் பக்கம் கோடு மாதிரி இடைவெளி தெரிந்தால் பற்றவைக்காமல் வெறுமனே நெருக்கி விட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு நாலு பவுன் வேண்டாம். இரண்டு முனை வளையத்தையும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடின கெட்டிக் கம்பியில் மாற்றி, வாயைப் பற்றவைத்தால் போதும். அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம். மாங்கல்யத்தின் காதையும் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் அது செயினையே அறுக்கும். அராவி மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

விஜி சொன்னதில் பாதி சரி. 18 காரட் கடினம்தான், தேய்மானமும் குறைவு. ஆனால் தாலிக்கு இந்தப் பக்கம் யாரும் விரும்புவதில்லை, நிறமும் மாங்கல்யத்தோடு சேராது. மொத்தமாகத் தெரிந்தால் தாங்கும் என்பதுதான் தப்பு. மொத்தமாகவும் இருந்து லேசாகவும் இருந்தால் உள்ளே வெறும் கூடு, ஹாலோ என்பார்கள். அது நசுங்கும், நசுங்கின இடத்தில் ஒடியும், திரும்பப் பற்றவைப்பதும் பாடுதான்.

விஜி, சங்கரன்கோவில்

கடையில் ஹாலோ என்று யார் சொல்கிறார்கள் அண்ணாச்சி? நாமாக எப்படிக் கண்டுபிடிப்பது?

டவுன் ஆசாரி

கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், கேளுங்கள். அதோடு ஒரே நீளத்தில், ஒரே மொத்தத்தில் இரண்டு செயினைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று பாதி எடைதான் காட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

செல்வராணி, அம்பாசமுத்திரம்

நான் போன வருசம் மாற்றினேன். என்னுடையதும் 20 கிராம்தான், 30 அங்குலம்தான். அதையே 24 அங்குலமாகக் குறைத்துப் புதிதாக எடுத்தேன். எடை கூடவில்லை, ஆனால் கண்ணி கனத்துவிட்டது. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 0.67 கிராம் இருந்தது 0.83 ஆகிவிட்டது. கோதுமை மணி மாதிரி நெருக்கமாகப் பின்னின டிசைன். கடையில் செயினை உள்ளங்கையில் குவித்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். முறுக்காமல் நேராகத் தொங்கியதைத்தான் எடுத்தேன். அப்புறம் சேலை முந்தானையில் இழுத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட மாட்டவில்லை. ஹால்மார்க்கில் 916-உம், ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி-யும் இருக்கிறதா என்று லென்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

ஒரு சங்கடம், 24 அங்குலம் என்றால் மாங்கல்யம் ரவிக்கைக்கு மேலே வந்துவிடும். பஸ்ஸில் போகும்போது முந்தானையால் மூடிக்கொள்கிறேன்.

கோமதி, பேட்டை

எனக்கு உள்ளே இருப்பதுதான் வசதி அக்கா, பிள்ளை கையில் அகப்படாது.

ராஜேந்திரன், தென்காசி

வெளியே தெரிகிற மாதிரி போடவே வேண்டாம். எங்கள் தெருவில் பைக்கில் வந்தவன் இழுத்ததில் ஒரு அம்மா கீழே விழுந்து முழங்கை போயிற்று. இழுத்தாலும் அறுந்துபோகாத செயின் எந்த டிசைனில் வரும்?

டவுன் ஆசாரி

அண்ணாச்சி, அந்தம்மா கேட்டது தினசரிப் புழக்கத்துக்கு. வண்டியில் வந்து இழுக்கிறவனுக்கு அறுந்துபோகாத செயின் என்றால் கழுத்துத்தான் அறுபடும். சைக்கிள் செயின் கனத்தில் போட்டுக்கொண்டு, கீழே விழுந்து இழுபட்டவர்களும் உண்டு. அதனால் நான் செயினைக் கெட்டியாகச் செய்தாலும் கொக்கியை மட்டும் பெரும் பலத்துக்கு வாய் திறக்கிற மாதிரி விடுவேன். எங்கள் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், கொக்கியையும் திருகாணி போட்டு இறுக்கு என்பார்.

செல்வராணி, அம்பாசமுத்திரம்

நான் பெரியவர் கட்சி. பிள்ளை இழுக்கிற இழுப்புக்கே திறந்துகொள்கிற கொக்கி எனக்கு வேண்டாம்.

கோமதி, பேட்டை

சரி, பின்னிக்கொள்வதற்கு என்ன செய்ய? முறுக்கு டிசைன் பிடித்துப் போய்விட்டது.

டவுன் ஆசாரி

பின்னுவதற்குக் காரணம் டிசைன் பாதி, நீளம் பாதி. இரண்டு செயினும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நெஞ்சில் விழுந்தால் ஒன்றை ஒன்று சுற்றத்தான் செய்யும். சின்னதைக் கழுத்தை ஒட்டி 16, 18 அங்குலத்தில் போடுங்கள், அல்லது விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள். முறுக்குச் செயினில் ஒரு எச்சரிக்கை. நடுவில் அறுந்தால், பற்றவைத்த இடத்தில் நாலைந்து கண்ணி விறைத்துப் போகும், அப்புறம் அந்த விறைப்புக்கு அடுத்த கண்ணியில் ஒடியும். உங்களுக்கு முனையில் விட்டதால் தப்பித்தது.

முக்கூடல் லட்சுமி

வேலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் கழுத்தோடு இருக்க வேண்டாம் மதினி. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு, அதன்பிறகு கழற்றுங்கள். நாங்கள் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் கயிறு மாற்றும்போதே கொக்கி வளையத்தையும் பார்த்துவிடுவோம்.

கோமதி, பேட்டை

கிழங்கு கட்டிவிட்டேன் மைனி, நாளைக்குக் காலையில் கொடுக்கப் போகிறேன். வளையம் இரண்டும் மாற்றி, காது மழுக்கி, செயின் நீளத்தைத் தொடாமல். கொக்கியைத் திருகாணியாகப் போடவா, அப்படியே விடவா என்பதுதான் இன்னும் யோசனை. வீட்டில் இவர் திருகாணி என்கிறார்.

டவுன் ஆசாரி

திருகாணி போட்டால் புரி தேய்கிறதா என்று மாதம் ஒருதரம் கழற்றிப் பார்க்க வேண்டும் தாயி. பார்ப்பீர்களானால் போடுங்கள்.