பத்து நிமிட நிறுத்தம், ஆறு நிமிடத் தாமதம்: விளக்க முடியுமா?

வணக்கம். ஒப்புமை வேகக் கணக்கொன்றில் உங்கள் உதவி தேவை. 420 கி.மீ. நீளப் பாதையின் ஒரு முனையிலிருந்து காலை 6:00 மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு ரயிலும், மறுமுனையிலிருந்து 7:00 மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் மற்றொன்றும் எதிரெதிராகப் புறப்படுகின்றன; அவை எப்போது, எங்கே சந்திக்கும் என்பதே கேள்வி.

முதலில் 420-ஐ 150-ஆல் வகுத்துத் தவறினேன்; இரண்டும் ஓடும்போது மட்டுமே வேகங்களைக் கூட்டலாம் என்பதால், முதல் ரயில் தனியாகக் கடந்த 60 கி.மீ.-ஐக் கழித்து, மீதி 360-ஐ வகுத்தபோது 2.4 மணி நேரம் கிடைத்தது. அது 2 மணி 24 நிமிடம் (2 மணி 40 நிமிடம் என்றும் சற்று நேரம் ஏமாந்திருந்தேன்). ஆகவே சந்திப்பு 9:24-க்கு, முதல் முனையிலிருந்து 204 கி.மீ.-இல், மறுபக்கம் 216 கி.மீ., கூட்டுத்தொகையும் சரியாக இருக்கிறது.

இரண்டாம் ரயில் 8:00 மணிக்குப் பத்து நிமிடம் நின்றால், 8:10-க்கு இடைவெளி 200 கி.மீ.; எனவே 9:30-க்கு, 210 கி.மீ.-இல் சந்திக்கின்றன. பத்து நிமிடம் நின்றும் சந்திப்பு ஆறு நிமிடமே தள்ளிப்போவது, நிற்கும் ரயிலின் வேகத்துக்கும் கூட்டு வேகத்துக்கும் உள்ள விகிதத்தாலா (90/150)? நிறுத்தம் முடிவதற்குள் சந்திப்பு நிகழ்ந்துவிட்டால் இவ்விகிதம் பொருந்தாது என நினைக்கிறேன். அது சரிதானா என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.