உப்பும் சோடியமும் அளவோடு, எஞ்சிய கார்பனேட் மட்டும் 4.5: ஜிப்சம் எப்படி இடுவது?

வணக்கம். பாகூர் பக்கம் ஒரு ஏக்கர் களிமண் நெல்வயலுக்கு இறைக்கும் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பின் கடத்துதிறன் 1.1, சோடியம் ஈர்ப்பு விகிதம் 6.5 என்று ஆய்வறிக்கை வந்தபோது நிம்மதியடைந்தேன். ஆனால் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 7.5, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 3 மில்லி ஈக்விவலன்ட் என்பதால், எஞ்சிய கார்பனேட் 4.5 ஆகிறது, 2.5-ஐத் தாண்டினாலே பாசனத்துக்கு ஆகாது என்பார்கள். மண்ணில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிட்டால் சோடியத்தின் பங்கு கூடும் என்பதால், அந்த 6.5-ஐ இனி நான் நம்பவில்லை. பாய்ச்சிய நீர் இரண்டு நாள் தேங்கி, காய்ந்தபின் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடுகிறது.

ஒரு மில்லி ஈக்விவலன்ட் குறைக்க ஆயிரம் லிட்டருக்கு 86 கிராம் தூய ஜிப்சம் என்ற கணக்கில், 2.5-க்குக் கொண்டுவர ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 35 கிலோ வருகிறது. இதை நீர்த்தொட்டியில் ஜிப்சம் படுகையாக அமைத்துக் கரைப்பதா, பருவத்துக்கு மொத்தமாகக் கணக்கிட்டு வயலிலேயே இடுவதா? களிமண்ணில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.