இன்டர்வியூ வேண்டாம், தொடர்பு வேணும்: எப்பிடி எழுதுறது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல கணக்குப் பிரிவில இருக்கிறன். கணக்காய்வுப் பக்கம் போகத்தான் படிக்கிறன். கொழும்பில ஆள் எடுத்துக் குடுக்கிற ஒரு அக்கா வியாழக்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயில் போட்டிருக்கிறா. விற்பனை வேலை, மாத இலக்கோட. சம்பளம் கூட, ஆனா நான் போற வழி அது இல்லை.

அவா பல கம்பனிகளுக்கு ஆள் தேடுறவா. கணக்காய்வு வேலை வந்தா என்ர பேர் ஞாபகம் வரவேணும். அந்த இன்டர்வியூ நேரத்தை இன்னொராளுக்குக் குடுக்க வசதியா இண்டைக்கே பதில் போடவேணும். இங்கிலீசில அனுப்பமுதல் எழுதிப் பார்த்தது:

"அழைப்புக்கு நன்றி. நான் கணக்காய்வுத் துறையில வளர நினைக்கிறதால இந்த விற்பனைப் பதவிக்கு வரேல்லை. கணக்காய்வு உதவியாளர் வேலை, திருகோணமலையிலயோ கொழும்பிலயோ வந்தா கட்டாயம் அறியத்தாங்கோ."

"இப்ப நேரமில்லை" எண்டு எழுதினா அடுத்த மாதம் இதே வேலையோட திரும்பி வருவா, அதால உண்மைக் காரணத்தையே போட்டன். இவ்வளவு விளக்கம் போதுமோ? எதிர்பார்க்கிற சம்பளத்தை இப்பவே சொல்லலாமோ? விற்பனையில விருப்பமுள்ள சிநேகிதி ஒராள் இருக்கிறா, அவவிட்டக் கேட்டிட்டன். அவவின்ர பேரை இதே மெயிலில போடலாமோ, தனியா அனுப்புறதோ? ஆள் எடுக்கிற வேலை செய்யிறவை யாரும் இருந்தா சொல்லுங்கோ.