தாத்தா பாட்டி பேத்தியை முதன்முறை பார்த்த படம்: தலைப்பு வரி சிக்கவில்லை

அக்கா மகளுக்கு இரண்டரை வயது, டாலஸில் பிறந்தவள். அப்பா அம்மாவுக்கு பி-2 விசா நேர்காணல் தேதி சென்னையில் கிடைக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. போன வாரம்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் போட ஒரே படம்: விமான நிலைய வாசல், அம்மா தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டுகிறார். குழந்தை அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. அப்பா பின்னால், கையில் இன்னும் அந்த விசா ஃபைல். (மேல் தாளில் பாஸ்போர்ட் எண் தெரிந்தது, மங்கலாக்கிவிட்டேன்.)

"காத்திருப்பு முடிந்தது" எல்லோரும் போடுவது. "கடல் தாண்டி வந்த பாசம்" சீரியல் பெயர் மாதிரி இருக்கிறது. விசா கதையை முதலில் எழுதினால் புகார் மனுவாகிவிடுகிறது. கடைசியில் வைத்தால் 'more'-க்குள் ஒளிந்துகொள்கிறது. "முதல் அணைப்பு" பொய்; குழந்தை இன்னும் கிட்டவே போகவில்லை. வீடியோ காலில் தினமும் பார்த்த முகம்தான், நேரில் வெட்கம்.

அந்தத் தயக்கமும் விசா காத்திருப்பும் சேர்ந்து வருகிற மாதிரி, பத்துச் சொல்லுக்குள், பேச்சுத்தமிழில் ஒரு வரி எப்படி எழுதலாம்?