ரீயூனியனில் பழைய கிளாஸ்மேட் காட்டிய பாசம் நிஜமா? தோழிக்கு எழுதிய கடிதம், அனுப்பலாமா?

கோமதி:
வணக்கம். எங்கள் பத்தாம் வகுப்பு செட் போன மாதம் திருநெல்வேலியில் கூடினோம். அங்கே ஜெயா என்னிடம் பழகிய விதம் மனசைப் போட்டு அரிக்கிறது. நெருங்கிய தோழி செல்விக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். என் சந்தேகம் நியாயம்தானா?

"செல்வி, ஜெயாவைப் பற்றி உன்னிடம் சொல்லணும்டி. நீ மேடையில் மைக்கோடு நின்றதால் கவனித்திருக்க மாட்டாய். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவள் என்னை விட்டு நகரவே இல்லை. 'நவராத்திரிக்கு நீ பாடுவியே, இன்னும் காதுல நிக்குது' என்றாள். பாடியது நீ. நான் சுண்டல் பொட்டலம் கட்டினவள். சரி, மறந்திருப்பாள் என்று விட்டேன். அப்புறம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அவர் டிப்போவில் ரிட்டையர் ஆகிவிட்டாரா, செட்டில்மென்ட் வந்துவிட்டதா, எந்த பேங்கில் போட்டிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரசம் வருவதற்குள் எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் குட்மார்னிங். இப்போது, 'ஞாயித்துக்கிழமை ஜங்ஷன் பக்கத்து ஹோட்டல்ல சின்ன மீட்டிங், அவரையும் கூட்டிட்டு வா' என்கிறாள். என்ன மீட்டிங் என்றால், 'நேர்ல வந்தாத்தான் புரியும்' என்கிறாள்.

ஆனால் கிளம்பும்போது, 'எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப உன் எலுமிச்சை சாதத்துல பாதி எனக்குத்தான்' என்று கண் கலங்கினாள். அது நிஜமாகவே நடந்தது. அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

மாரியப்பன்:
சந்தேகமே வேண்டாம்மா, செயின் பிசினஸ்தான். பொருள் விக்கிறோம், ஆள் சேக்கிறோம்னு வர்ற எல்லாத்தையும் 1978லயே தடை பண்ணியாச்சு. போலீஸ்ல எழுதிக் கொடுங்க.

ஷீலா:
எங்க வீட்டுக்காரரும் போன வருஷம் இப்படி ஒரு சந்திப்புக்குப் போயிட்டு வந்தார். அதுலேர்ந்து ராத்திரியெல்லாம் ஒருத்தியோட சாட்டிங். உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுறாங்கன்னா ஜாக்கிரதையா இருங்க.

கோமதி:
ஷீலா, உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா இது அந்த மாதிரி இல்ல.

தாமஸ்:
அக்கா, நான் நாலு வருஷம் அந்தத் தொழிலில் இருந்து வெளியே வந்தவன். நீங்கள் எழுதிய கேள்வி வரிசை எனக்கு அத்துப்படி. முதலில் குடும்பம், அப்புறம் வேலை, கடைசியில் பணம். இந்த வரிசையில் பேச்சை நகர்த்தத்தான் பயிற்சி கொடுப்பார்கள். கம்பெனி பெயரைப் போனில் சொல்லாதே, ஆளை ஹாலுக்கு வரவை, சீனியர் பேசிக்கொள்வார் என்பதும் அதிலேயே வரும். கணவன் மனைவி சேர்ந்து வந்தால், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நழுவ முடியாது. ஜோடியாக அழைப்பது அதற்குத்தான்.

மாரியப்பன் அண்ணன் சொல்வது பாதி சரி. ஆள் சேர்த்தாலே பணம் வரும் என்று நடத்தும் பணச்சுழற்சித் திட்டங்களை 1978 சட்டம் தடை செய்கிறது. நிஜமான பொருளை நேரடியாக விற்பது குற்றமில்லை. அதற்கென்று 2021 டிசம்பரில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சேர்வதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது, ஆள் சேர்த்ததற்காக மட்டும் கமிஷன் தரக்கூடாது. விற்க வருகிறவர், தான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை நாம் கேட்காமலே முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெயா கேட்டும் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

கண்ணீரைப் பற்றி. சேர்ந்த அன்றைக்கே தெரிந்தவர்கள் நூறு பேருடைய பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். நான் முதலில் எழுதியது என் சித்தப்பா பெயரை, ஏனென்றால் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால் அந்த எலுமிச்சை சாதம் நிஜமாகவே இருக்கும். நவராத்திரிப் பாட்டுத்தான் பேச்சைத் தொடங்குவதற்காகச் சொன்னதாக இருக்கலாம். ஜெயா மனசுக்குள் எது எவ்வளவு என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். 'மீட்டிங்குக்கு வரமாட்டோம், பணமும் போடமாட்டோம். ஆனா உன்னைப் பார்க்கணும், வீட்டுக்கு வா' என்று தெளிவாக எழுதுங்கள். அதன்பிறகும் ஓரிரு மாதம் பேச்சு தொடர்கிறதா என்று பாருங்கள். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவர்கள் சம்மதமாகக் குறித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

கோமதி:
அப்படியே அனுப்பினேன் தம்பி. 'வீட்டுக்குக் கண்டிப்பா வர்றேன், மீட்டிங்குக்குச் சும்மா காபி குடிக்க மட்டும் வாயேன்' என்று பதில் வந்திருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னொன்று. செல்வியையும் அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்திருக்கிறாளாம், அவள் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். 'கோமதிதான் நல்லாப் பாடுவா' என்று அவளிடமும் சொல்லியிருக்கிறாள்.

தாமஸ்:
அப்படியென்றால் பாட்டு நிஜமாகவே மாறித்தான் மனசில் பதிந்திருக்கிறது. அந்த வரியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பணத்தைப் பற்றிய கேள்விகளையும் கம்பெனி பெயர் சொல்லாததையும் மட்டும் வையுங்கள். ஞாயிறுக்கு முன்னால் கடிதம் போய்ச் சேருமா தெரியாது, செல்வியிடம் போனிலேயே சொல்லுங்கள். அங்கே போனாலும் அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம், ஆதார், பான் நகல் எதுவும் எடுத்துக்கொண்டு போகவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.