புதுப்பிப்பு: ரோலிங் ஹாஷ் கேள்வியில் மார்க் போன இடம்

என் பழைய கேள்வி: “ஹாஷ் ரெண்டும் ஒண்ணா வந்தும் மார்க் ஏன் போச்சுங்க?”

விடைத்தாளைப் பார்த்துவிட்டேன். உரை 59237, தேடுவது 37, பகா எண் 11. 37-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 4, அதுதான் ஹாஷ். ஆனால் 59, 92 இரண்டுக்கும் அதே 4 தான் (23-க்கு மட்டும் 1), நான் 4 வந்த மூன்று இடத்தையும் பொருத்தம் என்று எழுதிவிட்டேன். ஹாஷ் ஒத்தால் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 59-ல் முதல் இலக்கமே ஒட்டாது, உடனே நகரலாம்.

பெரிய பகா எண் போட்டால் ஒப்பிடவே வேண்டாம் என்று என் கேள்விக்குப் பதில் சொன்னார் ஈரோட்டு அண்ணன். வேறு வேறு எண்ணுக்கு ஒரே ஹாஷ் வரும் மோதல் குறையும், சரி, ஆனால் இல்லாமல் போகாதுங்க. கோபி தம்பி ஹாஷ் டேபிளில் செயினிங் போடலாமே என்று கேட்டிருந்தார், அது வேறு மோதல், இங்கே எதையும் சேமித்து வைப்பதில்லை.

பொள்ளாச்சி அக்கா காட்டியதுதான் எனக்குப் புதுசு. 59-லிருந்து 92-க்கு நகரும்போது:

```
h = ((4 - 5*10)*10 + 2) % 11;
if (h < 0) h += 11;
```

சி மொழியில் முதல் வரி -7 தரும். இரண்டாவது வரி இருந்தால்தான் 4. இல்லாவிட்டால், தேடுவது 92 ஆக இருந்தால் உண்மையான பொருத்தமே தப்பிவிடும்.

இரண்டு ஹாஷ் வைத்து ஒப்பீட்டை விட்டால் முழு மார்க் உண்டா? சார் இன்னும் சொல்லவில்லை.