உதவி: ஆய்வுச் சுருக்கம் 430 சொல், எல்லை 300. எதை வெட்டுவது?

தேன்கூடு:
வணக்கம். குறுந்தொகை உவமைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சுருக்கம் 300 சொல்லுக்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையது 430. நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையில் "சொல் மிகுதி" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். நான் வெட்டினால் கருத்தும் சேர்ந்து போய்விடுகிறது. மூன்று வாக்கியம் கீழே தருகிறேன்.

1. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாக விளங்கக்கூடிய குறுந்தொகை என்னும் நூலில் இடம்பெற்றுள்ள பாடல்களானவை பெரும்பாலும் 4 அடிகள் முதல் 8 அடிகள் வரையிலான அடி எல்லையைக் கொண்டவையாக அமைந்து காணப்படுகின்றன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கதாகும்.

2. 40ஆம் பாடலைப் பாடிய புலவர், அப்பாடலில் இடம்பெறும் 'செம்புலப் பெயனீர்' என்னும் தொடரின் காரணமாகவே செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றிருக்கலாம் என்று கருதப்படுவதாக அறிய முடிகிறது.

3. உவமைகள் ஆய்வாளரால் வகைப்படுத்தப்பட்டு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டுள்ளன.

கணினிக்கடை:
எழுத்து அளவை 12இலிருந்து 11 ஆக்கி, வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைங்க. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்து தருகிறோம்.

தேன்கூடு:
பக்கக் கணக்கு இல்லை அண்ணா, சொல் கணக்கு.

கணினிக்கடை:
அப்படியா. அப்போ சொற்களைச் சேர்த்து அடிங்க. 'எடுத்துக் கொள்ளப்பட்டு உள்ளது' என்றால் மூன்று சொல். 'எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது' என்றால் ஒன்று. கணினி இடைவெளியைத்தானே எண்ணுகிறது.

சுருக்கெழுத்து:
செய்தி மேசையில் 15 வருடமாக வெட்டுவதுதான் என் வேலை. உங்கள் முதல் வாக்கியம் 24 சொல். இதோ ஏழு சொல்லில்:

குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி கொண்டவை.

'விளங்கக்கூடிய', 'அமைந்து காணப்படுகின்றன', 'குறிப்பிடத்தக்கதாகும்' எல்லாம் தூசு. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறீர்கள்? 'பெரும்பாலும்', 'கருதப்படுவதாக', 'அறிய முடிகிறது' மூன்றும் பயந்தாங்கொள்ளிச் சொற்கள். தயங்காமல் அடித்துவிடுங்கள்.

பிழைதிருத்தி:
சுருக்கெழுத்து சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் அந்த ஏழு சொல் வாக்கியம் தப்பு. மொழி சரியாகத்தான் இருக்கிறது, செய்தி தவறு. குறுந்தொகையில் 307ஆம் பாடலும் 391ஆம் பாடலும் 9 அடி. 'பெரும்பாலும்' அந்த இரண்டு பாடலுக்காக வந்து உட்கார்ந்திருந்த சொல். அதை அடித்ததும் வாக்கியம் பொய்யாகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்காக 'பெரும்பாலும்' அப்படியே இருக்கட்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். எத்தனை விலக்கு என்று அது சொல்வதில்லை. இரண்டே இரண்டு என்று தெரிந்திருக்கும்போது அதையே எழுதலாம்:

குறுந்தொகைப் பாடல்களுள் 307, 391 இரண்டும் 9 அடி. மற்றவை 4 முதல் 8 அடி.

இது 12 சொல். 24இல் சரிபாதிதான், முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகச் செய்தியும் சொல்கிறது. 'எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று' போகட்டும், தமிழ்த்துறைச் சுருக்கத்தைப் படிப்பவருக்கு அது தெரியும்.

நான் சோதிக்கும் விதம் இதுதான்: ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு, இந்த வாக்கியத்தைப் பொய்யாக்கும் பாடல் ஏதாவது நூலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அந்தச் சொல் வேலை செய்கிறது. 'விளங்கக்கூடிய' என்பதை மறைத்துப் பாருங்கள், எந்தப் பாடலும் வந்து சண்டை போடாது.

கணினிக்கடைத் தம்பி, சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறையும்தான். படிப்பவருக்குச் சுமை அப்படியே இருக்குமே. துணைவினையைச் சேர்த்து எழுதுவது முறைதான், ஆனால் அதை வெட்டிய கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேன்கூடு:
307ஐயும் 391ஐயும் இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன் ஐயா. என் இரண்டாம் இயலிலேயே இது இருக்கிறது, சுருக்கத்தில்தான் மழுப்பியிருக்கிறேன். 2ஆம் வாக்கியத்தில் 'கருதப்படுவதாக' போகலாமா?

பிழைதிருத்தி:
அதில் மூன்று தயக்கம் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். 'பெற்றிருக்கலாம்' என்றால் ஊகம் உங்களுடையது. 'கருதப்படுவதாக' என்றால் பிறருடையது, யார் என்றும் சொல்லவில்லை. 'அறிய முடிகிறது' என்றால் நீங்கள் எங்கோ படித்தது. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதால் மூன்றையும் அடிக்கவும் கூடாது, மூன்றையும் வைக்கவும் கூடாது. உங்கள் நிலை எது என்று முடிவு செய்து ஒன்றை வையுங்கள்.

வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து என்றால்:

40ஆம் பாடலைப் பாடியவர், அதில் வரும் 'செம்புலப் பெயனீர்' என்னும் தொடரால் செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார் என்பர்.

'என்பர்' ஒரே சொல்; பிறர் கருத்து, நான் மறுக்கவில்லை என்ற இரண்டையும் அது சுமக்கிறது. பழைய உரைகாரர்களின் சிக்கனம். இன்னொன்று, 'காரணமாகவே' என்பதில் இருந்த ஏகாரத்தையும் எடுத்துவிட்டேன். 'இதனால்தான், வேறெதனாலும் இல்லை' என்று நிறுவப்போகிறீர்கள் என்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கெழுத்து:
9 அடிக் கணக்கு எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'என்பர்' என்றாலும் யார் என்பர் என்ற கேள்வி நிற்கிறதே?

பிழைதிருத்தி:
நிற்கிறது. சுருக்கத்தில் விடலாம், இயலில் பெயர் சொல்லியாக வேண்டும்.

குடுவை:
நான் வேதியியல், ஆய்வேட்டைத் தமிழில் எழுதுகிறேன். என் நெறியாளர் செயப்பாட்டு வினை முழுவதையும் எடுக்கச் சொல்கிறார். 'கரைசல் 60 பாகை செல்சியசில் 2 மணி நேரம் சூடாக்கப்பட்டது' என்பதில் என்ன குறை? நானா சூடாக்கினேன், ஆய்வகத் தம்பியா என்று யாருக்கு வேண்டும்?

பிழைதிருத்தி:
குறை ஒன்றும் இல்லை. 'சூடாக்கும் செயல்முறைக்கு உட்படுத்தப்பட்டது' என்று எழுதினால்தான் குறை. வினையைப் பெயராக்கி, அதற்கு 'உட்படுத்து', 'மேற்கொள்', 'நிகழ்த்து' என்று ஒரு வாடகை வினையைப் பிடித்து வருகிறோம். சூடாக்கு என்பதே வினையாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

தேன்கூட்டின் 3ஆம் வாக்கியம் வேறு மாதிரி. அங்கே யார் வகைப்படுத்தியது என்பதுதான் செய்தியே. உரையாசிரியர் வகுத்ததா, முன்பு ஆராய்ந்தவர் வகுத்ததா, இவர் வகுத்ததா? 'ஆய்வாளரால்' என்பது இரண்டாமவரையும் குறிக்கும், மூன்றாமவரையும் குறிக்கும். 'உவமைகளை வகைப்படுத்தி ஆராய்ந்துள்ளேன்' என்றால் மூன்றே சொல்லில் முடிந்தது.

தேன்கூடு:
எங்கள் துறையில் தன்மை வினை எழுதவே விடமாட்டார்கள் ஐயா. 'ஆராய்ந்துள்ளேன்' என்றால் ஆணவம் என்பார்கள்.

சுருக்கெழுத்து:
'இவ்வாய்வு உவமைகளை வகைப்படுத்தி ஆராய்கிறது' என்று வையுங்களேன்.

பிழைதிருத்தி:
அது நடைமுறையில் செல்லும். ஆய்வு எப்படி ஆராயும் என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு, ஆனால் யார் வகைப்பாடு என்ற ஐயம் தீர்கிறது. தன்மையை விலக்கும் வழக்கத்தோடு நான் பல வருடமாக மல்லுக்கட்டுகிறேன், இன்னும் ஜெயித்தபாடில்லை.

தேன்கூடு:
இந்த மூன்றையும் மாற்றி, மற்ற இடங்களில் 'என்பது குறிப்பிடத்தக்கது', 'அமைந்துள்ளதைக் காணமுடிகிறது' எல்லாவற்றையும் எடுத்தபின் 311. மிச்சம் 11 சொல். கடைசிப் பத்தியில் 'குறிஞ்சி, முல்லை, மருதம் முதலிய திணைகளில்' என்று இருக்கிறது. 'குறிஞ்சி முதலிய' என்று குறைக்கலாமா?

பிழைதிருத்தி:
ஐந்து திணையையும் ஆராய்ந்தீர்களா, மூன்றை மட்டுமா?

தேன்கூடு:
மூன்றை மட்டும்தான்.

பிழைதிருத்தி:
அப்படியானால் 'முதலிய' என்பதே தவறு, பின்னால் வேறு திணையும் இருப்பதாகச் சொல்கிறது. 'ஆகிய' போடுங்கள். மூன்று பெயரும் இருக்கட்டும், அந்தப் பதினொன்றை வேறு எங்காவது தேடுவோம். கடைசிப் பத்தியை முழுதாக ஒட்டுங்கள்.